வேலை முடிந்தது, ஆட்கள் கலைந்துவிட்டார்கள். இந்த வெறுமை உங்களுக்கும் வந்ததா?

செராஸ் வாசகி | 3 மார்ச் 2024, ஞாயிறு, இரவு 11.20

ஆறரை வருடம் ஒரே வேலையில் இருந்தேன். கோலாலம்பூரில் ஒரு ரயில் தடம் கட்டிய சைட் ஆபீஸில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். எந்தத் தடம், யார் நிறுவனம் என்பதை எழுதப்போவதில்லை. என் கடைசி நாள் ஜனவரி 31. இன்றோடு ஒரு மாதம் தாண்டிவிட்டது.

இப்போதும் காலை 5.40க்கு விழிப்பு வந்துவிடுகிறது. கதவருகே போனதும் கை தானாகப் பாஸ் அட்டையைத் தேடுகிறது. ஆணியில் அட்டை இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது.

போன வாரம் அந்த ரயிலில் போனேன். பக்கத்தில் ஒரு பையன் ஃபோன் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் காலுக்குக் கீழே ஓடும் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு வரைபட எண் உண்டு. அதில் பாதி எனக்கு இன்னும் மனப்பாடம். இரண்டு நிலையம் தாண்டுவதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இறங்கிவிட்டேன்.

வேலை கிடைக்குமா என்ற கவலை இல்லை. ஏப்ரலில் வேறு இடத்தில் சேர்கிறேன். நான் கேட்பது இதுதான்: நீண்ட வேலை முடிந்து ஆட்கள் கலைந்தபோது உங்களுக்கு இப்படி இருந்ததா? எவ்வளவு நாள் இருந்தது? ஆட்களைப் பிரிந்ததால் வந்த வலியா, செய்ததை யாரும் சொல்லவில்லையே என்ற வலியா? என்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கிள்ளான் 41200 | 4 மார்ச், காலை 8.05

உடனே பெர்கேசோவில் வேலையிழப்புக் காப்புறுதிக்கு மனு போடுங்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். ஜனவரி 31 என்றால் மார்ச் கடைசி வரைதான் நேரம். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்த பணம்தானே, விடாதீர்கள்.

செராஸ் வாசகி | 4 மார்ச், மதியம் 1.10

அக்கறைக்கு நன்றி. ஆனால் எனக்கு ஒப்பந்தக் காலம் முடிந்தது, யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. நான் கேட்டதும் அது இல்லை.

கிள்ளான் 41200 | 4 மார்ச், இரவு 9.40

சரி, என்னைத் திருத்திக்கொள்கிறேன். ஒப்பந்தத் தேதி முடிந்து வெளியே வந்தாலோ, ஒப்பந்தத்தில் எழுதிய திட்டமே முடிந்து வெளியே வந்தாலோ அந்தக் காப்புறுதி கிடையாது. தேதிக்கு முன்பே நிறுத்தியிருந்தால்தான் கேட்கலாம். மனு போட்டு வெறும் கையோடு திரும்பிய சிலரை எனக்கே தெரியும். அதை மறந்துவிட்டு எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் புதுப்பித்த ஒப்பந்தம் என்றால், உண்மையிலேயே அது குறுகிய கால வேலையா, நிரந்தர வேலைக்குப் போட்ட பெயரா என்று தொழில் நீதிமன்றம் பார்க்கும். 2020இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கில் தொழிலாளி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கும் 60 நாள்தான். நீங்கள் கேட்காததைப் பேசுகிறேன், தெரிகிறது. ஆனால் நாள் போய்விட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பாயான் லெப்பாஸ் பையன் | 5 மார்ச், இரவு 12.30

அக்கா, நான் பினாங்கில் தொழிற்சாலையில் சோதனை எஞ்சினியர். மூன்று வருடம் ஒரே தயாரிப்பில் இருந்தோம், போன டிசம்பரில் லைனை மூடினார்கள். பதினெட்டுப் பேரை ஆறு பிரிவுகளுக்குப் பிரித்துப் போட்டார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. எஸ்பிஎம் பரீட்சை முடிந்த மறுவாரம் இருக்குமே, அந்த மாதிரி இரண்டு வாரம் இருந்தது, போய்விட்டது. முடித்ததற்குப் போனஸ் நல்லபடியாகக் கொடுத்தால் யாருக்கும் மனக்குறை வராது என்பது என் கருத்து. எங்கள் வாட்ஸாப் குழுவும் இருக்கிறது, தினமும் பேசுகிறோம். இந்தக் காலத்தில் யாரும் உண்மையாகப் பிரிவதில்லை.

செராஸ் வாசகி | 5 மார்ச், இரவு 10.45

தம்பி, எங்களுக்கும் பணம் வந்தது. ஒன்றரை மாதச் சம்பளம். குறை சொல்ல மாட்டேன், வீட்டுக் கூரையை மாற்றினேன். ஆனால் ஒரே கணக்கில் எல்லோருக்கும் வந்த பணம் அது. நான் என்ன செய்தேன் என்பது அதில் எங்கேயும் இல்லை.

உங்கள் பதினெட்டுப் பேரும் ஒரே நாளில் பிரிந்தீர்கள். பிரிந்தாலும் ஒரே கட்டடத்தில் இருக்கிறீர்கள், கேண்டீனில் பார்த்துக்கொள்ளலாம். கட்டுமானத்தில் அப்படி நடக்காது. வேலை உச்சத்தில் இருந்தபோது எங்கள் சைட் ஆபீஸில் 140 பேர். சிவில் வேலை முடிய முடிய அவர்களைக் கழித்தார்கள். ரயிலைச் சோதனைக்கு ஓட்டியபோது 60 பேர். திறப்பு விழா அன்று 19 பேர். பிறகு குறை திருத்தும் காலம், கணக்கு முடிப்பு என்று இழுத்து, கடைசியில் ஐந்து பேர். ஆக, வேலை முடிவதற்கு முன்பே ஆட்கள் முடிந்துபோனார்கள். முடிந்துவிட்டது என்று 140 பேரும் சேர்ந்து மூச்சுவிட்ட நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது ஒருவர் கேக் வெட்டிவிட்டுப் போவார். முதலில் பெரிய கேக். பின்னால் மாமாக் கடை ரொட்டி சானாய். கடைசி வருடம் அதுவும் இல்லை, கை குலுக்கல் மட்டும்.

போகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. லேப்டாப் கொடுத்தாயிற்றா, பாதுகாப்புக் காலணி, பாஸ் அட்டை, கார் பார்க்கிங் என்று ஏழு கட்டம். ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழாவது கட்டம் என்னுடையது. அவர் பெயரில் எந்த வரைபடமும் வெளியே நிற்கவில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். அதனால் போகிற ஒவ்வொருவரும் கடைசியாக என் மேசைக்குத்தான் வருவார்கள். நூற்றுக்கு மேல் போட்டிருப்பேன்.

ஜனவரி 31 அன்று என் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு சுற்றினேன். ஏழில் நான்கு பிரிவுகள் அப்போது இல்லவே இல்லை. கணக்கர் ஒருவரே மூன்று கட்டத்தில் போட்டுக் கொடுத்தார். ஏழாவதில் நானே போட்டுக்கொண்டேன்.

சுரங்கக்காரர் | 7 மார்ச், காலை 6.15

தங்கச்சி, அந்த ஏழாவது கட்டத்தைப் படித்துவிட்டு நேற்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வயது 61. சுரங்க வேலை. ஸ்மார்ட் சுரங்கத்தில் இருந்தேன், 2007இல் திறந்தார்கள். அப்புறம் காஜாங் எம்ஆர்டி தடம், 2017 ஜூலையில் முழுதாகத் திறந்தது. அதன் 51 கிலோமீட்டரில் 9.5 கிலோமீட்டர் பூமிக்குக் கீழே.

எங்கள் வேலையில் ஒரு நாள் உண்டு. அதை உங்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன். துளைக்கும் இயந்திரம் பல மாதம் மண்ணுக்குள் போகும். கோலாலம்பூர் சுண்ணாம்புப் பாறை தந்திரம் நிறைந்தது. உள்ளே குகையும் நீரும் இருக்கும். எதிரில் பாறையா, ஓட்டையா, சேறா என்று காலையில் தெரியாது. ஓட்டையில் அழுத்தம் போனால் மேலே சாலை இறங்கிவிடும். காஜாங் தடத்துக்கு அதற்கென்றே ஒரு இயந்திரம் செய்து கொண்டுவந்தார்கள், உள்ளே போகும் சேற்றின் அடர்த்தியை நிலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். அப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு நாள் அடுத்த நிலையத்தின் சுவரைக் குடைந்துகொண்டு வெட்டுத்தலை வெளியே வரும். முதலில் சுவரில் முடி போல ஒரு விரிசல். பிறகு சிமெண்ட் பொடி, கட்டி கட்டியாக விழும். பிறகு அந்த இரும்பு முகம் சுற்றிக்கொண்டே தெரியும்.

அன்று எல்லோரும் அங்கே நிற்போம். ஓட்டியவர், வளையம் பொருத்தியவர், வெல்டர், சர்வேயர், சமையல் பார்த்தவர் வரைக்கும். எங்கள் ஷிஃப்டில் தேங்காய் உடைத்தோம். மலாய்க்காரப் பையன்கள் டுவா படித்தார்கள். வெட்டுத்தலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். வேலை அன்றோடு முடியாது, இன்னும் எத்தனையோ இருக்கும். ஆனால் எங்கள் பங்கு முடிந்தது என்று கண்ணால் பார்த்தோம், எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம். வெளிநாட்டுச் சுரங்கக்காரர்கள் பலர் புனித பார்பராவின் சிலையைச் சுரங்க வாயிலில் வைப்பார்கள், டிசம்பர் 4 அவருடைய நாள். அதுவும் இந்த மாதிரிதான், யார் இருந்தாலும் போனாலும் அந்த நாள் வரும்.

எனக்கு வெறுமை வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. ஆனால் என்னிடம் அந்தப் படம் இருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. சிக்னல்காரர்கள், கேபிள் இழுத்தவர்கள், உங்களைப் போல ஆவணம் பார்த்தவர்கள் யாருக்கும் சுவர் உடையாது.

செராஸ் வாசகி | 7 மார்ச், இரவு 11.50

அண்ணே, "சுவர் உடையாது" என்பதை நான்கு தடவை படித்தேன்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கும் ஒரு சுவர் இருந்தது, உடைத்தபோது நாங்கள் கொண்டாடவில்லை. அது சிவப்புக் கோடு போட்ட வரைபடங்களின் முடிவு. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

வரைபடம் சைட்டுக்குப் போகும். அங்கே நிஜம் வேறு மாதிரி இருக்கும். காகிதத்தில் நேராகப் போகிற கேபிள் குழாய் நிஜத்தில் ஒரு தூணில் போய் முட்டும். அப்போது சைட் ஆள் சிவப்புப் பேனாவால் வரைபடத்தின் மேலேயே கோடு போடுவார்: இங்கே முட்டுகிறது, 600 மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினோம், தேதி, சுருக்கொப்பம். அந்தத் தாள் என்னிடம் வரும். மழை பட்டிருக்கும், சில தாளில் கறிக்குழம்பு பட்டிருக்கும். அதை எண் போட்டு வைப்பேன். கடைசியில் அந்தச் சிவப்புக் கோடுகளையெல்லாம் பார்த்துக் கணினியில் புதிய வரைபடம் வரைவார்கள், உண்மையில் கட்டியபடி. அதுதான் உரிமையாளரிடம் போகும். இன்னும் ஐம்பது வருடம் அதைப் பார்த்துத்தான் பழுது பார்ப்பார்கள்.

வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று சுருக்கொப்பங்கள். அதற்கு மேலே திருத்தப் பட்டியல், அ, ஆ, இ என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரி. ஒரு வரைபடம் ஐந்து வருடத்தில் ஒன்பது திருத்தம் கண்டிருக்கும். ஒன்பது வரியில் ஏழெட்டுப் பேரின் எழுத்துகள். கட்டியபடி வரைபடம் வெளியாகும்போது அந்தப் பட்டியலைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். எங்கள் வேலையில் அதுதான் விதி. ஒரே வரி. "வரைந்தவர்" என்ற இடத்தில், கடைசி மூன்று மாதத்துக்கு எடுத்த ஒரு பையனின் எழுத்துகள். அவன் மேல் தப்பில்லை, பாவம், இரவு பகலாக வரைந்தான்.

ஒப்புதல் வந்ததும் சிவப்புக் கோட்டுத் தாள்களை ஸ்கேன் செய்துவிட்டு அழிக்கச் சொன்னார்கள். பதினொரு பெட்டி. அரைக்கும் லாரி வந்தது. நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.

பீடோர் பக்கத்துப் பையன் ஒருவன், டெக்னீஷியன். ஒரு நிலையத்தில் காற்றுக் குழாயும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாயும் மேல்கூரைக்குள் முட்டுவதைக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின இரவு பார்த்து, சிவப்புக் கோடு போட்டுக் காலை ஆறு மணிக்கு என் மேசைக்குக் கொண்டுவந்தான். அதனால் பதினான்கு வரைபடம் மாறியது. போட்ட பிறகு உடைத்திருந்தால் பல வாரம் போயிருக்கும். அவன் எழுத்து இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை. அவன் வேலை முடிந்து போனபோது ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டது நான். "நன்றி தம்பி, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

என் வலி என்னைப் பற்றியது மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அத்தனை பேர் செய்ததையும் பார்த்த ஆள் நான். பார்த்தவள் ஒன்றும் சொல்லவில்லை.

கிள்ளான் 41200 | 8 மார்ச், காலை 7.30

ஸ்கேன் இருக்கிறது அல்லவா? அப்படியென்றால் அழியவில்லை.

செராஸ் வாசகி | 8 மார்ச், மதியம் 12.40

இருக்கிறது, உரிமையாளரின் சர்வரில். யாரும் திறக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சரி, அழிந்துவிட்டது என்று எழுதியது தப்பு.

மாக் மண்டின் அம்மா | 10 மார்ச், மாலை 4.00

நான் கட்டுமானமெல்லாம் அறியேன். எங்கள் அப்பா பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய கோயிலின் திருப்பணிக் குழுவில் பொருளாளராக இருந்தார். நான்கு வருடம் ரசீதுப் புத்தகமும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியும் ஆறு சிற்பிகளும் வந்து கோபுரம் செய்தார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

கும்பாபிஷேகம் முடிந்த அன்றே எல்லாம் முடிவதில்லை. 48 நாள் மண்டல பூஜை இருக்கிறது. தினமும் போகலாம், தினமும் அதே முகங்களைப் பார்க்கலாம். 48ஆம் நாள் மண்டலாபிஷேகம் செய்து நிறைவு செய்வார்கள். ஸ்தபதிக்குப் பட்டுச் சார்த்தி, மாலை போட்டு, எல்லோர் முன்னாலும் மரியாதை செய்தார்கள். பெரியவர்கள் ஆழமாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். திடீரென்று அறுக்காமல் மெல்ல இறக்கி வைக்கிறார்கள். உங்கள் கம்பெனியும் அப்படிச் செய்திருந்தால் உங்களுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

சுரங்கக்காரர் | 10 மார்ச், இரவு 8.20

அம்மா, நல்ல விஷயம் சொன்னீர்கள். ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு 49ஆம் நாள் எப்படி இருந்தது?

மாக் மண்டின் அம்மா | 11 மார்ச், காலை 10.15

நீங்கள் கேட்டதும் நேற்று அம்மாவிடம் கேட்டேன். நான் அப்போது சின்னப் பெண், மரியாதையும் கூட்டமும்தான் நினைவில் இருக்கிறது. அம்மா சொன்னார், 49ஆம் நாள் காலை குளித்து, திருநீறு பூசி, ரசீதுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா வாசல் வரை போனாராம். பிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். மதியம் வரை எழுந்திருக்கவில்லை. நான்கைந்து மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம்.

பளிங்குக் கல்லில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் பொறித்தார்கள். 500 வெள்ளிக்கு மேல் கொடுத்தவர்கள். அப்பாவால் அவ்வளவு கொடுக்க முடியவில்லை, அதனால் அவர் பெயர் இல்லை. இது எனக்கு நேற்றுத்தான் தெரியும். சிற்பிகள் பெயரும் இல்லை, ஸ்தபதி பெயர் மட்டும் ஒரு ஓரத்தில் இருக்கிறது. நான் முன்னால் எழுதியதை முழுவதும் திரும்பப் பெற மாட்டேன், 48 நாள் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது போதவில்லை.

செராஸ் வாசகி | 11 மார்ச், இரவு 9.30

அம்மா, உங்கள் அப்பா பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனதும், என் கை ஆணியில் பாஸைத் தேடுவதும் ஒன்றுதான்.

பாயான் லெப்பாஸ் பையன் | 17 மார்ச், இரவு 1.05

அக்கா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். "தினமும் பேசுகிறோம்" என்றேன் அல்லவா, உங்கள் பதிவைப் படித்த பிறகு அந்தக் குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். டிசம்பரில் ஒரு நாளைக்கு நூறு செய்தி. ஜனவரியில் பழைய படங்கள், "ஞாபகம் இருக்கா" என்று. பிப்ரவரியில் வேலை காலி அறிவிப்புகள். மார்ச்சில் இதுவரை ஆறு செய்தி, அதில் நான்கு என்னுடையவை. யாருக்கும் கோபமில்லை. பேசுவதற்குப் பொதுவாக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். எங்களைச் சேர்த்து வைத்தது அந்தத் தயாரிப்பின் சிக்கல்கள். சிக்கல் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்தது.

இரண்டு வாரத்தில் போய்விட்டது என்றதும் சரியில்லை என்று நினைக்கிறேன். புதுப் பிரிவில் இன்னும் யாரோடும் சேர்ந்து சாப்பிடப் போகவில்லை. போனஸ் பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். பணம் கொடுக்காமல் பாராட்டு மட்டும் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சுரங்கக்காரர் | 18 மார்ச், காலை 6.40

தம்பி சொன்ன கடைசி வரி நியாயம்தான்.

அங்கீகாரம் என்றால் மாலை, மேடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பட்டம் வாங்கிய பையன் பதிவு பெற்ற முழு எஞ்சினியராக வேண்டுமென்றால், எஞ்சினியர் வாரியத்துக்குக் குறைந்தது மூன்று வருட அனுபவத்தைக் காட்ட வேண்டும். என்ன செய்தான் என்று எழுதி, மேலே இருந்த பதிவு பெற்ற எஞ்சினியரின் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை நடக்கும்போது எவனுக்கும் அது நினைவில் இருக்காது. ஆள் கலைந்து இரண்டு வருடம் கழித்துத் தேடுவான். கையெழுத்துப் போட வேண்டியவர் ஜகார்த்தாவில் இருப்பார், இல்லை ஓய்வு பெற்றிருப்பார், இல்லை போய்ச் சேர்ந்திருப்பார். அப்படி அலைந்த மூன்று பையன்களுக்காக நானே ஆள் தேடிக் கொடுத்திருக்கிறேன். ஒருவனுக்குக் கிடைக்கவே இல்லை, வேறு இடத்தில் முதலிலிருந்து சேர்த்தான்.

அதனால் நான் என் ஆட்களுக்குச் சொல்வது: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எழுதி, ஆள் பக்கத்தில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கு. டெக்னீஷியன், டாக்குமென்ட் பார்ப்பவர் யாருக்கும் இப்படி ஒரு புத்தகம் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை செய்தார்" என்று இரண்டு வரிக் கடிதம்.

செராஸ் வாசகி | 24 மார்ச், ஞாயிறு, மாலை 6.00

அந்த இரண்டு வரிக் கடிதம் என்னிடமும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது, செய்துவிட்டேன்.

நிறுவனத்தின் எந்தத் தாளும் என்னிடம் இல்லை, இருக்கவும் கூடாது. நினைவிலிருந்து எழுதினேன். 23 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தி, அதில் நான் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காரியம். "நீங்கள் கடுமையாக உழைத்தீர்கள்" என்று முதலில் எழுதிப் பார்த்தேன், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் வரி அது, அழித்துவிட்டேன். அப்புறம் இப்படி எழுதினேன்: "வெள்ளம் வந்த இரவு கீழ்த்தட்டு அலமாரியிலிருந்து வரைபடங்களை நீங்கள்தான் மேலே ஏற்றினீர்கள், நான் மறுநாள் வந்தபோது ஒரு தாள்கூட நனையவில்லை." இன்னொருவருக்கு: "குத்தகைக்காரர் அனுப்பிய சோதனை அறிக்கையில் தேதிக்கு முன்பே முடிவு வந்திருந்ததை நீங்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினீர்கள்." 23 எழுத ஒன்பது இரவு ஆனது. சிலருக்கு ஒரு காரியமும் நினைவுக்கு வரவில்லை. ஆறரை வருடம் தினமும் காலை வணக்கம் சொன்னவர்கள். அவர்களுக்கு அனுப்பவில்லை, அது உறுத்துகிறது.

செராஸ் வாசகி | 31 மார்ச், இரவு 10.10

பதினான்கு பேர் பதில் போட்டார்கள். வெள்ளத்துக்காரர், "அதை யாராவது பார்த்தார்களா!" என்று எழுதியிருந்தார். அவர் மனைவியும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்.

எல்லாம் அப்படி இல்லை. ஒரு அக்கா கோபமாகத் திருப்பி எழுதினார். "எல்லாம் பார்த்தாய் அல்லவா, என்னை முதல் பட்டியலில் கழித்தபோது அந்தக் கடிதத்தையும் நீதானே எண் போட்டு அனுப்பினாய்? அன்று ஒரு வார்த்தை சொன்னாயா?" உண்மை. கழிப்புப் பட்டியல் எனக்கு மூன்று வாரம் முன்பே தெரியும், வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

மாக் மண்டின் அம்மா | 1 ஏப்ரல், காலை 9.00

அந்தப் பெண்ணுக்கு எழுதாதே அம்மா, நேரில் போ. எழுத்தில் எதைச் சொன்னாலும் சாக்குப்போக்காகத்தான் படும்.

சுரங்கக்காரர் | 1 ஏப்ரல், மதியம் 1.30

நான் போகச் சொல்ல மாட்டேன். அவருக்குக் கோபம் இருக்கட்டுமே. ஆறியபின் கூப்பிட்டால் போகலாம். இன்று வேறு உங்களுக்குப் புது இடத்தில் முதல் நாள் அல்லவா?

செராஸ் வாசகி | 14 ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டு, இரவு 9.15

புது இடத்தில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அக்கா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. 5.40க்கு விழிப்பு வருகிறது, ஆனால் இப்போது ஆணியில் ஒரு அட்டை தொங்குகிறது. ரயிலில் ஏறும்போது இன்னும் நெஞ்சு அடைக்கிறது. குறைந்திருக்கிறது என்று சொல்லலாமா, தெரியவில்லை.

இன்று எழுத வந்தது வேறு. பீடோர் பையன் இவ்வளவு நாள் பதில் போடவில்லை. இன்று காலை புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். அம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறார் போல, பின்னால் சத்தம் கேட்டது. நான் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினானாம்.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, அதில் ஒரு தப்பு இருக்கு" என்றான். குழாய் முட்டுவதைக் கண்டது அவன் இல்லையாம். இரவு ஷிஃப்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்து ஆள் ஒருவர் கை காட்டினாராம். அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆனால் மேலே ஒரு குழாய்க்கு விட்ட இடத்தில் இரண்டு குழாய்க்குத் தாங்கி அடித்திருப்பதைப் பார்த்து, இது எப்படி நுழையும் என்று சைகையில் கேட்டாராம். இவன் போய் அளந்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தான். "நான் கோடு போட்டேன், அவ்வளவுதான். நீங்க எழுதினதை அம்மா அழுதுகிட்டே கேட்டாங்க, அப்ப சொல்ல மனசு வரலை."

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாதாம். எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிட்டோம் என்றான். ஊருக்குத் திரும்பி மூன்று வருடமாவது இருக்குமாம்.

சைட்டுக்குள் முதல் நாள் நுழையும் ஒவ்வொருவரும் பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரும் போட்டிருப்பார். அந்த வருடத்துப் பதிவேடு எந்தப் பெட்டியில், கிடங்கில் எந்த வரிசையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பெட்டி மேல் எண் எழுதியது நான். திறக்கும் அனுமதிதான் இப்போது இல்லை.